பள்ளித் தேர்தலில் ஐந்தைந்தாக வாக்கு எண்ணுவதும் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் தலைவர் தேர்தல் முடிந்து வாக்குப் பெட்டியைத் திறக்கும்போது, எண்ணும் மேசையில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தான் எழுகின்றன. அவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கத்துக்காக ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன்: ஒரு பதவி, மூன்று வேட்பாளர்கள் (அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம்), பெட்டிக்குள் 287 சீட்டுகள்.

எண்ணை நேராக எழுதிக்கொண்டே போகலாமே, எதற்காக ஐந்தைந்தாகக் கோடு போட வேண்டும்?

எண்ணாக எழுதினால் ஒவ்வொரு வாக்குக்கும் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுத வேண்டியிருக்கும். 46 என்பதை அடித்து 48 என்று எழுதிவிட்டால், அந்தத் தவறு நடந்ததற்கான தடயமே தாளில் இருக்காது. கோடு அப்படியல்ல, அது சேர்ந்துகொண்டே போகுமே தவிர எதையும் அழிப்பதில்லை என்பதால், பிறகு யார் வேண்டுமானாலும் முதலிலிருந்து எண்ணிப் பார்க்கலாம்.

ஐந்து என்பதற்குக் காரணம் நம் கண். மூன்று அல்லது நான்கு கோடுகளை எண்ணாமலே பார்த்தவுடன் எத்தனை என்று சொல்லிவிடுகிறோம். ஐந்தாறு கோடுகள் வரிசையாக நின்றால் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஆகவே நான்கு கோடுகளை நிற்கவைத்து, ஐந்தாவதை அவற்றின் மேல் சாய்த்துப் போட்டால், அந்தக் கட்டை வடிவத்தாலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டு கட்டுகள் சேர்ந்தால் பத்து ஆகிவிடும். கிழக்காசிய நாடுகளில் இதே வேலைக்கு ஐந்து கோடுகளால் ஆன ஓர் எழுத்தை, ஒரு வாக்குக்கு ஒரு கோடு என்று எழுதி நிறைவுசெய்வார்கள். வேறு சில நாடுகளில் சதுரத்தின் நான்கு பக்கங்களும் ஒரு மூலைவிட்டமும் அந்த வேலையைச் செய்கின்றன. வடிவம் மாறினாலும் நிறுத்துமிடம் ஐந்துதான்.

குறுக்குக் கோடு ஒரு வாக்கா, கட்டை மூடுவதற்கான அடையாளம் மட்டுமா?

அது ஒரு வாக்கு. ஐந்தாவது வாக்கு படிக்கப்படும்போதுதான் அதைப் போட வேண்டும். கேள்வி எளியதாகத் தோன்றினாலும், மேசையில் நான் பார்த்த பெரிய பிழைகளில் பாதி இங்கிருந்து பிறந்தவை.

சிலர் நான்கு கோடு போட்டதும் வாக்கு எதுவும் வராமலே குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, அடுத்த வாக்கைப் புதிய கட்டில் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் 40 வாக்குகளுக்குப் பத்துக் கட்டுகள் விழும். கூட்டும்போது அது 50 ஆகிவிடும். வேறு சிலர் ஐந்து கோடுகளை நிற்கவைத்து ஆறாவது வாக்குக்குக் குறுக்குக் கோடு போடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு கட்டிலும் ஒரு வாக்கு மறைந்துபோகிறது. தொடங்கும் முன்பு, கோடு போடுபவரைத் தனித்தாளில் ஏழு வாக்குகளுக்குக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கட்டும் இரண்டு உதிரிக் கோடுகளும் வந்தால் அவர் பழக்கம் சரியானது.

எண்ணும் மேசையில் எத்தனை பேர் இருக்க வேண்டும்? யார் யார் என்ன செய்வது?

நான்கு பேர் போதும். ஒருவர் சீட்டைப் பிரித்துப் பெயரைப் படிக்கிறார். இன்னொருவர் அவர் தோளருகே நின்று, படிக்கப்பட்ட பெயரும் சீட்டிலுள்ள குறியும் ஒன்றுதானா என்று பார்க்கிறார். மற்ற இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்க முடியாதபடி அமர்ந்து, தனித்தனித் தாள்களில் கோடு போடுகிறார்கள். வேட்பாளர்களின் சார்பாக வந்தவர்கள் பார்க்கலாம், ஆனால் சீட்டையோ பேனாவையோ தொடக் கூடாது.

கோடு போடும் இருவரும் குறுக்குக் கோடு இழுக்கும் ஒவ்வொரு முறையும் “ஐந்து” என்று உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு குரல்களும் ஒன்றாக எழுந்தால் இரண்டு தாள்களும் ஒத்துப்போகின்றன என்று பொருள். ஒரு குரல் மட்டும் எழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அந்த வேட்பாளருக்குக் கடைசியாக இரு குரலும் சேர்ந்து ஒலித்த பிறகு வந்த சில சீட்டுகளை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்; படித்த சீட்டுகளை வந்த வரிசையிலேயே கவிழ்த்து அடுக்கிவைப்பது இதற்காகத்தான்.

கோடு போடும் முன்பே சீட்டுகளை எண்ணச் சொல்கிறீர்கள். இரட்டை வேலை அல்லவா?

இரட்டை வேலைதான், அதனால்தான் அது பயன்படுகிறது. கோடுகளின் கூட்டுத்தொகை சரியா என்று கேட்கும்போது, எதனுடன் ஒப்பிட்டுச் சரி என்கிறோம் என்ற கேள்வியும் உடன் வருகிறது. யாருக்கு எத்தனை வாக்கு என்று தெரியாத நிலையில், சீட்டுகளைக் கவிழ்த்துவைத்து, வெறும் தாள்களாக எண்ணிக் கிடைத்த எண்தான் அந்த அளவுகோல். முடிவு தெரிந்த பிறகு எண்ணினால், வர வேண்டிய எண்ணை நோக்கி மனம் சாய்ந்துவிடும்.

அந்த எண்ணுக்கும் ஒரு காவல் உண்டு. நம் எடுத்துக்காட்டில் 300 சீட்டுகள் அச்சடிக்கப்பட்டன, 11 மீந்தன, ஒரு மாணவர் தவறாகக் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு வாங்கினார். 300-இலிருந்து 11-உம் 1-உம் போக, 288 சீட்டுகள் வாக்காளர் கைக்குப் போயிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் உள்ள கையெழுத்துகளும் 288.

கையெழுத்து 288, பெட்டியில் 287. ஒரு வாக்கு காணாமல் போனதாக எழுத வேண்டுமா?

அப்படித்தான் எழுத வேண்டும்: “வழங்கப்பட்டது 288, பெட்டியில் இருந்தது 287.” யாரோ ஒருவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவது அரிதானதல்ல. முதலில் பெட்டியின் அடியையும், ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் சீட்டுகளையும், ஒன்றுக்குள் ஒன்று மடிந்தவற்றையும் பாருங்கள். கிடைக்காவிட்டால் கோடுகளின் கூட்டுத்தொகை எட்ட வேண்டிய எண் 287 மட்டுமே. 288 ஆக்குவதற்காக எங்கும் எதையும் சேர்க்கக் கூடாது.

மாறாக, பெட்டியில் 289 இருந்தால் அது வேறு வகைச் சிக்கல். குறைவை மறதி விளக்கிவிடும், மிகையை விளக்காது. மறு எண்ணிக்கையிலும் மிகை நீடித்தால், கோடு போடத் தொடங்காமல், பொறுப்பாசிரியரிடம் எழுத்தில் தெரிவித்து அவர் முடிவுக்காகக் காத்திருப்பதே முறை.

தவறான பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டேன். அடித்துவிடலாமா?

அடிக்க வேண்டாம். நிற்கும் கோட்டின் மேல் அடித்தால் அது குறுக்குக் கோடாகத் தோன்றும். அரை மணி நேரம் கழித்துக் கூட்டுபவருக்கு அங்கே இருப்பது கட்டா திருத்தமா என்று தெரியாது. அழிப்பானும் வேண்டாம், பென்சிலே வேண்டாம். தவறான கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அருகில் சுருக்கொப்பமிட்டு, சரியான பெயருக்கு நேரே புதிய கோட்டைப் போடுங்கள். வட்டத்துக்குள் இருப்பதை எண்ணுவதில்லை என்று மேசையில் உள்ள அனைவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வட்டமிட்ட கோடு முடிந்துபோன கட்டுக்குள் இருந்தால், அந்தக் கட்டு முழுவதையும் வட்டமிட்டுவிட்டு நான்கு உதிரிக் கோடுகளைப் புதிதாகப் போடுவதே தெளிவு.

செல்லாத வாக்குகளை ஒதுக்கிவைத்தால் போதாதா? அவற்றுக்கும் கோடு போட வேண்டுமா?

போட வேண்டும். வேட்பாளர்களுக்குக் கீழே “செல்லாதவை” என்று தனி வரி வைத்து, அங்கும் ஐந்தைந்தாகக் கோடு போடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் 287-ஐ எட்ட வழியில்லை. குறைவது செல்லாத வாக்கா, தவறவிட்ட வாக்கா என்றும் சொல்ல முடியாது. ஐயத்துக்குரிய சீட்டு வந்தால் அதற்காக எண்ணிக்கையை நிறுத்தி வாதிடாமல், கோடு போடாமல் தனியே வைத்து, எல்லாம் முடிந்தபின், ஆனால் கூட்டத் தொடங்கும் முன், ஒவ்வொன்றாக முடிவுசெய்யுங்கள். யார் முந்துகிறார் என்பது தெரிந்துவிட்டால் அந்தச் சீட்டைப் பற்றிய நியாயமும் மாறிவிடும்.

கட்டுகளைத் தவறில்லாமல் கூட்டுவது எப்படி?

கட்டுகளை எண்ணி ஐந்தால் பெருக்கி, உதிரிக் கோடுகளைச் சேர்க்க வேண்டும். ‘அ’-வுக்கு 24 கட்டுகளும் 3 உதிரிகளும் இருந்தால் 120-உடன் 3 சேர்ந்து 123. ஒரு வரிசைக்குப் பத்துக் கட்டுகள் என்று முன்பே கட்டம் போட்டு வைத்தால், ஒரு முழு வரிசை 50 ஆகிவிடும். கோடு போட்டவரே கூட்டக் கூடாது. இருவர் தனித்தனியே கூட்டி, எண்ணைத் துண்டுத் தாளில் எழுதி, பிறகு ஒரே நேரத்தில் காட்ட வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒரு சிறு சோதனையும் உண்டு. எந்தக் கூட்டுத்தொகையிலும் கடைசி இலக்கம் உதிரிக் கோடுகளைக் காட்டிக்கொடுக்கும். கடைசி இலக்கம் 3 அல்லது 8 என்றால் தாளில் மூன்று உதிரிகள் இருக்க வேண்டும். 4 அல்லது 9 என்றால் நான்கு. 0 அல்லது 5 என்றால் ஒன்றும் இருக்கக் கூடாது. தாளில் நான்கு உதிரிகள் நிற்க, எழுதப்பட்ட எண் 118 என்று முடிந்தால், மேலே படிக்காமலே அது தவறு என்று சொல்லிவிடலாம். முழுக் கட்டு ஒன்றைத் தவறவிட்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனைக்கு அது தெரியாது.

கூட்டிப் பார்த்தேன், ஐந்து குறைகிறது. எல்லாவற்றையும் மறுபடி எண்ண வேண்டுமா?

உடனே வேண்டாம். எவ்வளவு வித்தியாசம் என்பதே எங்கே தேட வேண்டும் என்று பெரும்பாலும் சொல்லிவிடும். நம் எடுத்துக்காட்டில் முதல் முறை கூட்டியபோது ‘அ’ 123, ‘ஆ’ 114, ‘இ’ 36, செல்லாதவை 9 என்று வந்தது, மொத்தம் 282. வேண்டியது 287. ஐந்தோ ஐந்தின் மடங்கோ குறைந்தால் முழுக் கட்டு ஒன்று விடுபட்டிருக்கும். கூடினால் ஒரே கட்டை இரு முறை எண்ணியிருப்பார்கள். 50 குறைந்தால் ஒரு வரிசையே தாண்டப்பட்டிருக்கும். ‘ஆ’-வின் வரிசைகளைப் பார்த்தபோது, இரண்டாம் வரிசையின் ஓரத்தில் பதினொன்றாவது கட்டு ஒன்று நெருக்கியடித்து நின்றது. கூட்டியவர் வரிசைக்குப் பத்து என்ற நம்பிக்கையில் அதைப் பார்க்கவே இல்லை. 22 கட்டுகள் அல்ல, 23. அதாவது 115-உம் 4 உதிரிகளும் சேர்ந்து 119. மொத்தம் 287 ஆகிவிட்டது.

வித்தியாசம் ஒன்று முதல் நான்குவரை இருந்தால் உதிரிக் கோடுகளையும், மேலே இரண்டாம் கேள்வியில் சொன்ன ஆறு கோட்டுக் கட்டுகளையும் தேடுங்கள். 9-ஆல் வகுபடும் வித்தியாசம் என்றால், எண்ணைப் படியெடுக்கும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு: 123 என்பது 132 ஆனால் ஒன்பது கூடும். இவை சுட்டிக்காட்டல்கள் மட்டுமே. இரண்டு சிறு தவறுகள் சேர்ந்தும் ஐந்து வரலாம் என்பதால், காரணத்தைத் தாளில் கண்ணால் பார்க்கும்வரை எந்த எண்ணையும் திருத்தக் கூடாது.

இப்போது 287 சரியாக வந்துவிட்டது. முடிவை அறிவிக்கலாமா?

இன்னும் இல்லை. கூட்டுத்தொகை பொருந்துவது, எல்லா வாக்குகளும் எங்கேயோ ஓரிடத்தில் பதிவாகியிருக்கின்றன என்பதை மட்டுமே காட்டுகிறது. சரியான இடத்தில் பதிவாகியிருக்கின்றனவா என்பதைக் காட்டுவதில்லை. ‘ஆ’-வுக்கு வந்த வாக்கைப் படிப்பவர் ‘அ’ என்று படித்துவிட்டால், கோடு போடும் இருவரும் ஒரே தவறை ஒற்றுமையாகச் செய்வார்கள். இரண்டு தாள்களும் ஒத்துப்போகும். மொத்தமும் 287 ஆகவே இருக்கும்.

ஆகவே இரண்டாவது சரிபார்ப்பு, முதல் வழியின் மறுபடியாக இல்லாமல், வேறு வழியில் நடக்க வேண்டும். கோட்டுத் தாள்களை மூடிவைத்துவிட்டு, சீட்டுகளை வேட்பாளர்வாரியாகக் குவியல்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குவியலையும் ஒருவர் சீட்டு சீட்டாகத் தள்ளி, எல்லாவற்றிலும் அதே பெயருக்குத்தான் குறி இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒரே இடத்தில் குறி உள்ள சீட்டுகளின் நடுவே வேறு இடத்தில் குறி உள்ள சீட்டு கண்ணில் உறுத்தும்; பெயர் பெயராகப் படிக்கும்போது இந்த உறுத்தல் கிடைப்பதில்லை. பிறகு குவியலைப் பத்துப் பத்தாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி எண்ணுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் அப்படிப் பிரித்தபோது ‘அ’ 122, ‘ஆ’ 120, ‘இ’ 36, செல்லாதவை 9 என்று வந்தது. மொத்தம் அதே 287. ஆனால் கோட்டுத் தாளில் நான்காக இருந்த முன்னிலை, குவியலில் இரண்டாகச் சுருங்கிவிட்டது. இடம் மாறிய ஒரு வாக்கு ஒருவரிடம் ஒன்றைக் குறைத்து மற்றவருக்கு ஒன்றைக் கூட்டுவதால் வித்தியாசத்தை இரண்டு நகர்த்துகிறது. இதே தவறு இன்னொரு முறை நடந்திருந்தால், உண்மையில் சமநிலையில் இருந்த தேர்தலில் ‘அ’ வென்றதாக அறிவித்திருப்போம், அதுவும் 287 சரியாகப் பொருந்துகிறது என்ற மனநிறைவோடு.

அந்தத் தவறு எந்தச் சீட்டில் நடந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

287 சீட்டுகளையும் ஒரே மூச்சில் எண்ணியிருந்தால், எல்லாவற்றையும் மறுபடி படிப்பதைத் தவிர வழியில்லை. தொடக்கத்திலேயே ஐம்பது ஐம்பதாக அடுக்குகளாகப் பிரித்திருந்தால் முடியும். 287 என்றால் ஐம்பதின் ஐந்து அடுக்குகளும் 37 சீட்டுகளின் ஓர் அடுக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனித் தாள், தனிக் கூட்டல். 50 வராமல் அடுத்த அடுக்கைப் பிரிக்கக் கூடாது. மேலே சொன்ன பதினொன்றாவது கட்டுக்கு இந்த முறையில் இடமே இருந்திருக்காது, ஏனென்றால் ஓர் அடுக்கில் மொத்தமே பத்துக் கட்டுக்கு மேல் வராது.

இடம் மாறிய வாக்கையும் அடுக்கோடு அடுக்காக ஒப்பிட்டுப் பிடிக்கலாம். மூன்றாம் அடுக்கின் தாள் ‘அ’ 22, ‘ஆ’ 20, ‘இ’ 6, செல்லாதவை 2 என்கிறது. அதே அடுக்கைக் குவியலாகப் பிரித்தால் 21, 21, 6, 2 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது தேட வேண்டியது ஐம்பது சீட்டுகளில் மட்டுமே. அடுக்குக்கு எண்ணிட்டு, எண்ணி முடித்ததும் ரப்பர் வளையம் போட்டு, அதன் தாளையும் உடன் வைத்துவிடுங்கள். அடுக்குகள் கலந்துவிட்டால் இந்த வசதி போய்விடும்.

ஒரே சீட்டில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் கூட்டுத்தொகை எதற்குச் சமமாக வேண்டும்?

சீட்டுகளின் எண்ணிக்கைக்கு அல்ல, அதன் இரு மடங்குக்கு: 287 சீட்டுகளுக்கு 574. ஆனால் சிலர் ஒருவருக்கு மட்டும் குறியிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள் என்பதால், “பயன்படுத்தாதவை” என்று இன்னொரு வரி தேவைப்படும். எல்லா வேட்பாளர்களுக்கும் சேர்த்து 551 கோடுகள், பயன்படுத்தாதவை 11, முற்றிலும் செல்லாத சீட்டுகள் 6 என்றால், அந்த ஆறும் பன்னிரண்டாகக் கணக்கில் சேரும். 551, 11, 12 மூன்றும் சேர்ந்து 574. அந்த வரியை வைக்காதவர்கள் 11 வாக்குகள் எங்கே போயின என்று இரவுவரை தேடுவார்கள்.

‘அ’-வின் குவியலை மூன்று முறை எண்ணினோம். இரண்டு முறை 122, ஒரு முறை 123. பெரும்பான்மை எண்ணை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. குவியலில் உள்ள சீட்டுகள் மாறவில்லை. எண்ணியவர்களில் யாரோ தவறியிருக்கிறார்கள், இருவர் ஒரே தவறைச் செய்திருக்கவும் கூடும். இரண்டு சீட்டுகள் ஒட்டிக்கொண்டால் எண்ணுபவர் எல்லாருக்குமே 122 வரும். அவற்றைப் பிரித்துப் பார்த்த ஒருவருக்கு மட்டும் 123 வரும். குவியலைப் பத்துப் பத்தாக விரித்துவைத்து, ஒவ்வொரு பத்தையும் இரண்டாமவர் விரலால் பிரித்து எண்ணட்டும். பன்னிரண்டு பத்துகளும் மீதி இரண்டோ மூன்றோ கண்ணெதிரே கிடக்கும்போது வாதத்துக்கு இடமில்லை.

123 என்று உறுதியானால் மற்ற குவியல்களையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மொத்தம் 288 ஆகிவிடும். அப்படியானால் தொடக்கத்தில் கவிழ்த்துவைத்து எண்ணிய 287-உம் அதே ஒட்டிய சீட்டால் தவறியிருக்கலாம், பட்டியலில் உள்ள 288 கையெழுத்துகளுக்கும் கணக்கு கிடைத்துவிடும். காணாமல் போனதாகக் குறிப்பேட்டில் எழுதிய வரியை அப்போது அழிக்காமல், அதன் கீழே கண்டுபிடித்த விதத்தையும் நேரத்தையும் எழுதி, மேசையில் இருந்த நால்வரும் கையெழுத்திடுங்கள்.